நவம்பருக்கு முன் அனுப்பிய விடைபெறும் செய்தி: ஓர் அரிசி ஆலையின் கணக்கைக் கைமாற்றிய அனுபவம்

மட்டக்களப்பு நகரிலுள்ள ஒரு கணக்கியல் அலுவலகத்தில் சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, ஓர் ஒக்டோபர் மாத இறுதியில் நான் விலகினேன். வாழைச்சேனை முதல் சம்மாந்துறை வரை இருந்த பல சிறு வணிகர்களின் கணக்குகளும் வரி வேலைகளும் என் பொறுப்பில் இருந்தன. அவை ஒவ்வொன்றையும் அலுவலகத்தின் வேறொருவரிடம் ஒப்படைத்து, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் விடைபெறும் செய்தி ஒன்றை அனுப்ப வேண்டியிருந்தது. அந்தச் செய்தியை மரியாதைக்காக அனுப்பும் இரண்டு வரி என்று பலர் எண்ணுகிறார்கள். என் எண்ணம் வேறு. வாடிக்கையாளர் அடுத்து கட்ட வேண்டிய பணமும், சமர்ப்பிக்க வேண்டிய படிவமும் யாருடைய கையில் இருக்கின்றன என்பதை அவருக்குச் சொல்லும் ஒரே எழுத்து அதுதான். சம்மாந்துறையிலுள்ள ஓர் அரிசி ஆலையின் கணக்கை ஒப்படைத்தபோது நான் செய்தவற்றை எடுத்துக்கொண்டு இதை விளக்குகிறேன்.

இந்த எண்ணம் எனக்கு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்தபோது, எனக்கு முன்னிருந்தவரின் கணக்குகளைப் பொறுப்பேற்றேன். அவர் தம் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பியிருந்த செய்தி அன்பானதாகவே இருந்தது. இத்தனை காலம் தந்த ஒத்துழைப்புக்கு நன்றி கூறி, எப்போது வேண்டுமானாலும் தம்மை அழைக்கலாம் என்று முடித்திருந்தார். அதில் என் பெயர் இல்லை. எந்தத் திகதியிலிருந்து பொறுப்பு மாறுகிறது என்பதும் இல்லை. அதனால் ஒரு கடைக்காரர் தம் ஊழியர்களின் சம்பளப் பட்டியலை வழக்கம்போலப் பழையவரின் தொலைபேசிக்கே அனுப்பினார். புதிய வேலையில் மூழ்கியிருந்த அவர் அதைப் பார்க்கவில்லை. அந்த மாதத்துக்கான ஊழியர் சேமலாப நிதிப் பணம் உரிய நாளில் கட்டப்படவில்லை. ஒரு மாதச் சம்பளத்துக்குரிய சேமலாப நிதியை, அதாவது ஊழியரின் 8 சதவீதத்தையும் முதலாளியின் 12 சதவீதத்தையும், அடுத்த மாதம் முடிவதற்குள் கட்டிவிட வேண்டும். பிந்தினால், பிந்திய காலத்துக்கு ஏற்பக் கூடிக்கொண்டே போகும் மேலதிகக் கட்டணத்தை முதலாளி தம் கையிலிருந்து செலுத்த வேண்டும். அந்தக் கடைக்காரர் பட்டியலை நேரத்துக்கு அனுப்பியவர். தண்டத்தைக் கட்டியவரும் அவரே. அது நியாயமில்லை என்று அன்று எனக்குப் பட்டது, இன்றும் அப்படித்தான் படுகிறது.

ஆகவே நான் விலகுவது உறுதியானவுடன், யாருக்கு எப்போது என்ன செய்தி போகும் என்பதை முதலில் அலுவலகப் பொறுப்பாளரிடம் பேசி முடிவு செய்தேன். இந்த ஒழுங்கு மாறக்கூடாது. புதியவர் யார் என்று அலுவலகம் முடிவு செய்வதற்கு முன்பே வாடிக்கையாளருக்குச் செய்தி போனால், அவர் கேட்கும் முதற்கேள்விக்கே பதில் இருக்காது. அந்த இடைவெளியில் வேறு அலுவலகத்தைத் தேடத் தொடங்குவது இயல்பு. பொறுப்பாளரின் சம்மதத்தோடு, ஆலையின் கணக்கை ஏற்கப்போகும், நான் தம்பி என்று அழைக்கும் சக ஊழியருடன் அமர்ந்து, முடிந்த வேலை, பாதியில் நிற்கும் வேலை, வாடிக்கையாளரிடமிருந்து வர வேண்டிய ஆவணம் என மூன்றாகப் பிரித்து ஒரு ஒப்படைப்புக் குறிப்பு எழுதினோம். அது அலுவலகத்துக்கு மட்டும் உரியது. ஆலை முதலாளியை அசர் தொழுகைக்குப் பின் அழைத்தால் ஆறுதலாகப் பேசுவார், வெள்ளிக்கிழமை நண்பகலில் அழைக்கக்கூடாது, தொகைகளை அவருடைய மூத்த மகனுடனும் பேசலாம் என்பன போன்ற குறிப்புகள் அதில்தான் இருந்தன. இவை வாடிக்கையாளர் கண்ணில் படவேண்டிய செய்தியில் வரக்கூடாது.

அடுத்ததாக, எழுத்துக்கு முன் குரலில் பேச வேண்டும். எங்கள் பகுதியில் நீண்ட காலம் பழகிய ஒருவர் விலகும் செய்தியை முதன்முதலில் எழுத்தில் அறிவது, தம்மை ஒதுக்கிவிட்டது போன்ற மனக்குறையை உண்டாக்கும். ஒக்டோபர் நடுப்பகுதியில் ஒரு மாலை நான் முதலாளியை அழைத்தேன். ஹஜ் செய்து வந்தவர் என்பதால் ஊரார் எல்லோரும் அவரை ஹாஜியார் என்றே அழைப்பார்கள், நானும் அப்படித்தான். விடயத்தைச் சொன்னதும் அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நீங்க போனா, இந்த நெல்லுச் சீட்டுக் கதையெல்லாம் திரும்ப முதல்ல இருந்து சொல்ல வேணுமா மகள்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை நான் அப்படியே குறித்துக்கொண்டேன். கணக்கு கைமாறும்போது வாடிக்கையாளருக்கு எது பாரமாக இருக்கிறது என்பதை அது சொன்னது. ஆள் மாறுவதை அவர் தாங்கிக்கொள்வார். தம் தொழிலை இன்னொருவருக்கு முதலிலிருந்து விளக்க வேண்டும் என்பதுதான் அவருக்குச் சுமை. அவருடைய ஆலை நெல்லின் பெரும்பகுதியைச் சிறு விவசாயிகளிடம் காசு கொடுத்து நேரடியாக வாங்குகிறது. விவசாயியிடம் அச்சடித்த பற்றுச்சீட்டு இருக்காது. அதனால் ஆலையே ஒரு கொள்வனவுச் சீட்டை எழுதி, திகதி, மூடைகளின் எண்ணிக்கை, நிறை, கிலோ விலை, விவசாயியின் பெயர், அடையாள அட்டை இலக்கம் ஆகியவற்றைப் பதிந்து, அவரிடம் கையொப்பம் வாங்கி வைக்கிறது. வரி அதிகாரி கேட்டால் செலவுக்கு ஆதாரமாகக் காட்ட அந்தச் சீட்டுகளைத் தவிர வேறு இல்லை. இதை அறியாத ஒருவர் அவற்றை வெறும் துண்டுக் கடதாசி என்று எண்ணி, முறையான பற்றுச்சீட்டு கேட்டு நச்சரித்தால், ஹாஜியார் பொறுமை இழந்துவிடுவார். அது புதியவரின் மீதான நம்பிக்கையை முதல் வாரத்திலேயே உடைத்துவிடும்.

எனவே செய்தி எழுதுவதற்கு முன், சிறுபோக அறுவடையின்போது வாங்கிய நெல்லுக்கான சீட்டுகளைத் தம்பி என்னருகில் இருந்து தாமே பதியும்படி செய்தேன். விளக்கிச் சொல்லிவிட்டேன் என்று எழுதுவதற்கும், அவரே பதிந்துவிட்டார் என்று எழுதுவதற்கும் வேறுபாடு உண்டு. முதலாவதை வாடிக்கையாளர் முகமனாக எடுத்துக்கொள்வார். இரண்டாவதைத் தம் சீட்டுகளைப் புரட்டிப் பார்த்தே உறுதி செய்துகொள்ளலாம்.

தொலைபேசியில் பேசிய மறுநாள் அனுப்பிய செய்தியை, தம்பியின் பெயரைச் சுருக்கியும் இலக்கங்களை நீக்கியும் இங்கே தருகிறேன்.

"மதிப்பிற்குரிய ஹாஜியார் அவர்களுக்கு, வணக்கம்.

நேற்றுத் தொலைபேசியில் கூறியபடி, ஒக்டோபர் 31ஆம் திகதியுடன் நான் இந்த அலுவலகத்திலிருந்து விலகுகிறேன். நவம்பர் 1ஆம் திகதி முதல் உங்கள் ஆலையின் கணக்குகளையும் வரி வேலைகளையும் எமது அலுவலகத்தின் திரு. க. பொறுப்பேற்பார். அவருடைய தொலைபேசி இலக்கமும் அலுவலக இலக்கமும் கீழே உள்ளன. அடுத்த வாரம் அவரை அழைத்துக்கொண்டு ஆலைக்கு வருகிறேன்.

நவம்பரில் மூன்று வேலைகள் உள்ளன. வருமான வரியின் இரண்டாம் தவணையை 15ஆம் திகதிக்குள் செலுத்த வேண்டும். கட்ட வேண்டிய தொகையைத் திரு. க. உங்களுக்கு 8ஆம் திகதிக்கு முன் அறிவிப்பார். கடந்த மார்ச் 31இல் முடிந்த ஆண்டுக்கான வருமான வரி விவரத்திரட்டை 30ஆம் திகதிக்குள் சமர்ப்பிக்க வேண்டும். அதன் வரைவு முடிந்துவிட்டது. வங்கியின் வட்டிச் சான்றிதழ் மட்டும் உங்களிடமிருந்து வர வேண்டும். ஒக்டோபர் மாதச் சம்பளத்துக்கான ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கை நிதிப் பணத்தையும் நவம்பர் முடிவதற்குள் கட்ட வேண்டும். சம்பளப் பட்டியலை வழமைபோல முதல் வாரத்தில், திரு. க. அவர்களுக்கு அனுப்புங்கள்.

விவசாயிகளிடம் வாங்கும் நெல்லுக்கு நீங்கள் எழுதும் கொள்வனவுச் சீட்டுகளையும், தவிடு, உமி, குறுணல் விற்பனைக்கான தனிப் புத்தகத்தையும் அவர் அறிவார். இந்தச் சிறுபோகத்தின் சீட்டுகளை அவரே பதிந்தார். நீங்கள் அதை மீண்டும் விளக்கத் தேவையில்லை.

நவம்பர் 1 முதல் சீட்டுகளையும் படங்களையும் என் இலக்கத்துக்கு அனுப்ப வேண்டாம். அவை உரியவரிடம் சேராமல் போகலாம். அலுவலகக் கட்டணத்துக்கான வங்கிக் கணக்கு மாறவில்லை. மாறிவிட்டதாக யாராவது அறிவித்தால், பணம் போடுவதற்கு முன் அலுவலகத்துக்கு அழைத்துக் கேளுங்கள்.

பெரும்போக அறுவடையில் ஆலை இரவு பகலாக ஓடிய நாட்களிலும் சீட்டுகளைத் திகதிவாரியாகக் கட்டி வைத்துத் தந்தீர்கள். உங்கள் கணக்கு எப்போதும் தெளிவாக இருந்ததற்கு அதுவே காரணம். மிக்க நன்றி."

இதில் விலகும் செய்தி முதல் வசனத்திலேயே வருகிறது. நன்றியை முதலில் எழுதி, நினைவுகளைச் சொல்லி, கடைசியில் விலகுவதைச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் கடையில் ஆள் நிற்கும் நேரத்தில், தொலைபேசித் திரையில் தெரியும் முதல் இரண்டு மூன்று வரிகளை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடுவார்கள். அந்த வரிகளில் திகதியும் புதியவரின் பெயரும் இருந்தால், மிச்சத்தை வாசிக்காவிட்டாலும் பெரிய சேதம் வராது.

செய்தியின் நடுப்பகுதிதான் எனக்கு முக்கியமானது. இலங்கையில் வரிக்குரிய ஆண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது. அந்த ஆண்டுக்கான விவரத்திரட்டை நவம்பர் 30க்குள் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திடம் சமர்ப்பிக்க வேண்டும். நடப்பு ஆண்டுக்கான தவணைகள் ஓகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே மாதங்களின் 15ஆம் திகதிகளில் வருகின்றன. இதனால் வணிகர் ஒருவருக்கு நவம்பர் மாதம் இரட்டைப் பாரம். நான் விலகியதோ அதற்கு முதல்நாள். வருடத்தின் வேறு மாதத்தில் விலகியிருந்தால் நடுப்பகுதி இவ்வளவு நீண்டிருக்காது. ஆகவே இதை எழுத உட்காருபவர் தம் கடைசி வேலைநாளுக்குப் பின்வரும் நாற்பது, ஐம்பது நாட்களை நாட்காட்டியில் பார்த்து, அந்த வாடிக்கையாளருக்கு அதற்குள் வரும் கடைசித் திகதிகளை மட்டும் எழுதினால் போதும். அதற்கு அப்பாலுள்ளவை புதியவரின் வேலை. பெப்ரவரித் தவணையையும் சேர்த்து எழுதினால் பட்டியல் நீண்டு, அவசரமானது எது என்பது மறைந்துவிடும்.

ஒவ்வொரு வேலைக்கும் திகதியோடு, யார் செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதியிருப்பதைக் கவனிக்கலாம். தவணையில் முதல் அசைவு எங்கள் பக்கம்; விவரத்திரட்டில் அவர் பக்கம் ஒரே ஒரு ஆவணம்; சேமலாப நிதியில் அவர் அனுப்பினால்தான் எங்கள் வேலை தொடங்கும். "நிலுவை வேலைகளைப் புதியவர் தொடர்ந்து பார்த்துக்கொள்வார்" என்று பொதுவாக எழுதியிருந்தால், வட்டிச் சான்றிதழைத் தாம் வங்கியிலிருந்து எடுக்க வேண்டும் என்பதை அவர் அறிந்திருக்க மாட்டார். புதியவரோ அது ஏற்கெனவே கோப்பில் இருப்பதாக எண்ணியிருப்பார். கைமாறும் கணக்குகளில் வேலை விடுபட்டுப் போவது பெரும்பாலும் இப்படித்தான். இருவரும் மற்றவர் செய்வார் என்று நம்பிக் காத்திருப்பார்கள்.

எழுதாமல் விட்டவற்றுக்கும் காரணம் உண்டு. தவணையின் தொகை, கடந்த ஆண்டு வருமானம், திணைக்களத்தின் இணைய வரிச் சேவைக்கான கடவுச்சொல் ஆகியவற்றில் எதுவும் செய்தியில் இல்லை. குடும்ப வணிகத்தில் முதலாளியின் தொலைபேசி மேசையில் கிடக்கும். மகனும் பார்ப்பார், வேலையாளும் எடுத்துப் பேசுவார். கடவுச்சொல்லை மாற்றும் வேலையை ஆலைக்குச் சென்ற நாளில் ஹாஜியாரின் முன்னிலையில், அவருடைய மகனின் கையாலேயே செய்வித்தோம். அதன் பிறகு அது எனக்குத் தெரியாது என்பது அவருக்கும் பாதுகாப்பு, எனக்கும் பாதுகாப்பு. நான் ஏன் விலகுகிறேன், எங்கே போகிறேன் என்பதையும் எழுதவில்லை. தொலைபேசியில் அவர் கேட்டபோது சொன்னேன்; எழுத்தில் அது இருந்தால், என்னோடு வரும்படி அழைப்பதாக வாடிக்கையாளரோ அலுவலகமோ பொருள் கொள்ள இடமுண்டு.

புதியவரை மிகையாகப் புகழ்வதையும் தவிர்த்தேன். மிகத் திறமையானவர், என்னைவிடச் சிறந்தவர் என்றெல்லாம் எழுதினால் வாசிப்பவர் நம்புவதில்லை. நம்பினால், முதல் சிறு தாமதத்திலேயே ஏமாற்றமடைவார். அவர் செய்து முடித்த ஒரு வேலையைச் சொன்னால் போதும்.

வங்கிக் கணக்கைப் பற்றிய வசனம் எதற்கு என்று தம்பி கேட்டார். பழக்கமானவர் போய்ப் புதியவர் வரும் அந்த இரண்டு மூன்று வாரங்களில்தான் வாடிக்கையாளர் எந்த மாற்றத்தையும் இயல்பானதாக ஏற்றுக்கொள்வார். ஆளும் தொலைபேசி இலக்கமும் மாறியிருக்கும்போது, வங்கிக் கணக்கும் மாறிவிட்டது என்று யாரோ ஒருவர் செய்தி அனுப்பினால் அவர் சந்தேகப்படமாட்டார். ஆகவே எது மாறவில்லை என்பதையும் விடைபெறுபவர் தம் பெயரிலேயே சொல்லிவிட வேண்டும்.

என் இலக்கத்துக்கு அனுப்ப வேண்டாம் என்ற வசனம் எழுதக் கடினமாக இருந்தது. என்னை மகள் என்று அழைப்பவரிடம் கதவைச் சாத்துவது போலிருக்குமோ என்று தயங்கினேன். ஆனால் எப்போதும் அழைக்கலாம் என்ற வாக்குறுதி புதியவரின் இடத்தை எடுத்துவிடுகிறது. வாடிக்கையாளரும் இரண்டு பேருக்கு நடுவில் நிற்கிறார். காரணத்தையும் சேர்த்தே எழுதினேன்: அவை உரியவரிடம் சேராமல் போகலாம். அவருடைய நன்மைக்காகவே சொல்கிறேன் என்பது காரணத்தைச் சேர்க்கும்போதுதான் விளங்குகிறது. நலம் விசாரிக்க அழைக்கலாம் என்பதை ஆலையில் நேரில் சொன்னேன். அது நேரில் சொல்லவேண்டியதுதான்.

மழை வலுப்பதற்கு முன், செய்தியில் சொன்ன வாரத்திலேயே தம்பியும் நானும் கல்முனை வழியாக ஆலைக்குச் சென்றோம். அங்கே நான் வேண்டுமென்றே குறைவாகப் பேசினேன். ஹாஜியார் என்னிடம் கேட்ட கேள்விகளுக்குத் தம்பியே பதில் சொல்லட்டும் என்று பார்த்திருந்தேன். குறுணல் விற்பனையை எந்த மாதத்தில் சேர்த்தீர்கள் என்று அவர் கேட்டபோது, தம்பி புத்தகத்தைத் திறந்து பக்கத்தைக் காட்டினார். அடுத்த கேள்வியை ஹாஜியார் தம்பியின் பக்கம் திரும்பிக் கேட்டார். ஒப்படைப்பு நடந்துவிட்டதை அறிய அதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. விடைபெறும் முன், ஆலைக்குக் கடன் கொடுத்திருக்கும் வங்கியின் அதிகாரிக்கும் புதிய பெயரை அறிவித்துவிடும்படி மகனிடம் நினைவூட்டினேன். கணக்கறிக்கை கேட்டு வங்கி பழைய இலக்கத்தை அழைத்துக்கொண்டிருப்பது அடிக்கடி நடக்கும்.

எல்லாம் சொல்லியும், நவம்பர் முதல் வாரத்தில் சம்பளப் பட்டியலின் படம் என் தொலைபேசிக்கே வந்தது. ஆண்டுக்கணக்கான பழக்கம் ஒரு செய்தியால் மாறிவிடாது. இதை எதிர்பார்த்தே இருக்க வேண்டும். அந்த நேரத்தில் செய்யக்கூடாதது, படத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்று பதில் எழுதுவது. அப்படி எழுதினால் அடுத்த மாதமும் அங்கேயே வரும். படத்தைத் தம்பிக்கு அனுப்பி, அவர் கிடைத்தது என்று ஹாஜியாருக்கு நேரடியாக எழுதும்வரை காத்திருந்தேன். அதன் பிறகு, "திரு. க. அவர்களிடம் சேர்த்துவிட்டேன் ஹாஜியார், இனி அவருக்கே அனுப்புங்கள்" என்று மட்டும் எழுதினேன். பட்டியலில் ஒருவரின் சம்பளம் கூடியிருந்தது எனக்குத் தெரிந்தது. அதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. வேலையைப் பற்றி ஒரு கருத்துச் சொன்னாலும், பொறுப்பு மீண்டும் என் கைக்கு வந்ததாகவே அவர் எடுத்துக்கொள்வார்.

இந்த முறை எல்லாக் கணக்குக்கும் பொருந்தாது. வரி அதிகாரியின் விசாரணை நடந்துகொண்டிருக்கும் ஒருவருக்கு, அந்த விசாரணைக்குப் பதில் எழுதியவரே இருந்து முடிப்பது நல்லது. அது முடியாவிட்டால், அனுப்பிய கடிதங்களின் பிரதிகளோடு மூவரும் நேரில் அமர்ந்து பேச வேண்டும். வட்ஸ்அப் செய்தி அதற்குப் போதாது. என் கணக்குகளில் அப்படி ஒன்று இருந்தது. அதை அலுவலகப் பொறுப்பாளரே ஏற்றுக்கொண்டார், வாடிக்கையாளருக்கும் அவரே அழைத்துச் சொன்னார். எழுத்து வாசிக்கச் சிரமப்படும் முதியவர்களுக்குச் செய்தியை அனுப்பியதோடு, அதையே குரற்பதிவாகவும் அனுப்பினேன். எழுதிய வடிவம் கோப்பிலும் பிள்ளைகளிடமும் இருக்கட்டும் என்பதற்காக அதை விட்டுவிடவில்லை.

கடைசி வேலைநாளன்று, என் தனிப்பட்ட தொலைபேசியில் கிடந்த வாடிக்கையாளர்களின் சீட்டுப் படங்களையும் அடையாள அட்டைப் படங்களையும் அலுவலகக் கோப்பில் சேர்த்து, அவை அங்கே சரியாகத் திறக்கின்றன என்று தம்பி பார்த்துச் சொன்ன பின், என் தொலைபேசியிலிருந்து அழித்தேன். நவம்பரில் தவறி வந்த பட்டியலையும், தம்பியிடம் சேர்ந்ததும், அப்படியே அழித்துவிட்டேன்.